தேதியைச் சரிசெய்தும் போகாத சிவப்பு முக்கோணம்: ஒரு விடுதி வைஃபை நிகழ்வு ஆய்வு

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மாலை. கோவை பீளமேட்டில் உள்ள ஒரு பெண்கள் விடுதியின் வார்டன் அழைத்தார். முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் போனில் கூகுளே திறக்கவில்லை, எதைத் தட்டினாலும் சிவப்பு முக்கோணமும் Your connection is not private என்ற வரியும்தான் வருகிறது என்றார். நெட்வொர்க், கணினி பழுதுகளைப் பார்ப்பது என் தொழில். அந்த விடுதியின் கேமராக்களை நான்தான் பராமரிக்கிறேன், அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டிருந்தார். வைஃபை வேறொரு ஒப்பந்தக்காரர் பொறுப்பில் இருந்தது.

மாணவியின் சொந்த போன் கீழே விழுந்து திரை உடைந்து பழுதுக்குப் போயிருந்தது. கையில் இருந்தது அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு போன். கோடையிலிருந்து பீரோவில் கிடந்ததில் பேட்டரி உப்பிவிட்டது. ஊரில் ஒரு கடையில் பேட்டரியை மாற்றி வாங்கி வந்திருக்கிறாள். சிம் கிடையாது. விடுதி வைஃபை, அது இழுக்காதபோது அறைத்தோழியின் ஹாட்ஸ்பாட், இந்த இரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போகும் முன்பே ஆலோசனைகள் நிறைய வந்திருந்தன. “Advanced-ஐத் தட்டி Proceed குடு, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்று வார்டன் சொல்லியிருந்தார். கூகுளுக்கு அந்த Proceed வரியே வரவில்லை. கல்லூரியின் கட்டணப் பக்கத்துக்கு வந்தது, தட்டி உள்ளே போயிருந்தாள். ஒரு தோழி, தேதியைத் தானியங்கியாக வை, சரியாகிவிடும் என்றாள். விடுதி வைஃபையில் இருந்தபடி அதைச் செய்து பார்த்து, ஒன்றும் மாறாததால் மறுபடி அணைத்துவிட்டிருந்தாள். இந்த விவரங்கள் எல்லாம் பின்னால் தேவைப்பட்டன.

இந்த எச்சரிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. தேதி தவறினாலும், நடுவில் யாரோ இணைப்பைப் பிரித்துப் படித்தாலும், தளத்துக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தாலும் குரோமில் அதே முக்கோணம், அதே தலைப்பு. காரணம் இருப்பது அதன் கீழே வெளிர் நிறத்தில், பொடி எழுத்தில் வரும் ஒரு வரியில். அதனால் நான் முதலில் கேட்டது இரண்டு கேள்விகள்: இப்போது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறாய், அந்தப் பொடி வரியில் என்ன இருக்கிறது?

அப்போது அவள் தோழியின் ஹாட்ஸ்பாட்டில் இருந்தாள். திரையில் இருந்தது இது:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

திரையை மேலிருந்து இழுக்கச் சொன்னேன். நேரம் நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது. பக்கத்தில் Sun, 14 Sep. வெள்ளிக்கிழமை மாலையில் போன் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றியதும் உள்ளிருக்கும் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கடைக்காரர் கையால் தேதி வைக்கும்போது நாளையும் மணியையும் சரியாக வைத்தவர், மாதத்தைத் தவறவிட்டுவிட்டார். ஆண்டு 1970 என்று காட்டியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். நாள் 14, மணியும் சரி என்றால் மாதத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை, கையால் வைத்த தேதியில் அதிகம் தவறுவது மாதமும் ஆண்டும்தான்.

61 நாள் பின்தங்கினால் என்ன ஆகும்

ஒவ்வொரு https தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் தளத்தின் பெயர், கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரம் ஆகியவை இருக்கும். பிரவுசர் அந்த இரு தேதிகளையும் போனின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. இங்கே போன் 61 நாள் பின்னால் இருந்தது. போனின் கணக்கில், அக்டோபரில் வாங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

குரோமில் அந்தப் பொடி வரியின் மேல் விரலால் தட்டினால் அதன் கீழே சில வரிகள் விரியும். Subject, Issuer, Expires on, Current date என்று வரும். பலருக்கும் தெரியாத இடம் இது, எனக்கு மிகவும் உதவுகிற இடமும் இதுதான். Current date என்பது போன் நம்பிக்கொண்டிருக்கும் தேதி. அவளுடைய போனில் அது செப்டம்பரைக் காட்டியது. Expires on அதற்குப் பல மாதம் கழித்து இருந்தது. “காலாவதியே ஆகலையேங்ணா, அப்புறம் ஏன் தப்புன்னு சொல்லுது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சான்றிதழ் தொடங்கும் தேதியை அந்த இடத்தில் குரோம் காட்டுவதில்லை, முடியும் தேதியை மட்டுமே காட்டுகிறது. கடிகாரம் பின்தங்கியிருக்கும்போது இடிப்பது தொடக்கத் தேதி.

அவளைக் குழப்பிய இன்னொன்று, ஹாட்ஸ்பாட்டில் எல்லாத் தளமும் மறுக்கவில்லை என்பது. கூகுள் வரவில்லை, சமையல் குறிப்பு பார்க்கும் ஒரு வலைப்பூ வரவில்லை, கல்லூரியின் தளம் மட்டும் ஒரு தடையும் இல்லாமல் திறந்தது. தேதி தவறு என்றால் எல்லாமே அல்லவா நிற்க வேண்டும்?

சான்றிதழின் வயதுதான் காரணம். வலைப்பூக்கள், சிறு கடைகள் போன்ற எண்ணற்ற தளங்கள் பயன்படுத்தும் Let's Encrypt சான்றிதழ் 90 நாள் செல்லும். தீர்வதற்கு 30 நாள் இருக்கும்போது புதுப்பித்துவிடுவது வழக்கம். ஆக, எந்த நாளில் பார்த்தாலும் அப்படிப்பட்ட தளத்தின் சான்றிதழுக்கு வயது 60 நாளுக்குள்தான் இருக்கும். 61 நாள் பின்தங்கிய போனுக்கு அவை அனைத்துமே எதிர்காலத்துச் சான்றிதழ்கள். கூகுளின் சான்றிதழ்களும் அடிக்கடி மாறுபவை, வயது பெரும்பாலும் சில வாரங்கள்தான். கல்லூரித் தளமோ கட்டணம் கட்டி வாங்கிய ஓராண்டுச் சான்றிதழை வைத்திருந்தது. அது செப்டம்பர் 14-க்கு முன்பே தொடங்கிவிட்டது, அதனால் தப்பியது.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று புரியும். கடிகாரம் முன்னால் ஓடினால் 90 நாள் சான்றிதழ்கூடக் குறைந்தது 30 நாள் தாக்குப்பிடிக்கும். விளையாட்டில் உயிர் சீக்கிரம் நிரம்ப வேண்டும் என்று பிள்ளைகள் போனின் தேதியை ஒரு நாள் இரண்டு நாள் தள்ளி வைப்பதுண்டு. அதனால் பிரவுசரில் அநேகமாக ஒன்றும் தெரியாது. பின்னால் போனால்தான் உடனே அடி விழும். இரண்டு வாரம் பின்தங்கினாலே, கடந்த இரண்டு வாரத்தில் சான்றிதழை மாற்றிய தளங்கள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும். ‘சில தளம் வருகிறது, சில தளம் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது பின்தங்கிய தேதியைத்தான்.

இந்தத் தாங்கும் அளவு இனி குறையவே செய்யும். சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் செய்துகொண்ட முடிவின்படி, அதுவரை 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று இறங்குகிறது. கல்லூரித் தளம் தப்பியதுபோல் அப்போது தப்ப முடியாது. கடிகாரம் ஒன்றரை மாதம் பின்தங்கிய போனில் அநேகமாக ஒரு தளமும் திறக்காது.

சில நேரம் குரோமே கண்டுபிடித்து Your clock is behind அல்லது Your clock is ahead என்று நேராகச் சொல்லிவிடும். அது தன் பதிப்பு உருவான நாளையும், முடிந்தால் கூகுளிடமிருந்து வாங்கிய நேரத்தையும் வைத்துச் சொல்வது. கோடையிலிருந்து புதுப்பிக்காத இந்த போனில் அது சொல்லவில்லை. சொல்லாததால் கடிகாரம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஹாட்ஸ்பாட்டில் இருந்தபடியே Settings போய் Date & time-இல் தானியங்கி நேரத்தைப் போடச் சொன்னேன். நேரமண்டலமும் இந்தியாதானா என்று பார்த்துக்கொண்டோம். மண்டலம் லண்டன் என்று இருக்க, மணியை மட்டும் கையால் நம் ஊர் நேரத்துக்கு வைத்தால், உள்ளுக்குள் போன் ஐந்தரை மணிநேரம் முன்னால் ஓடும். சான்றிதழ் ஒப்பீடு நடப்பது அந்த உள்நேரத்தில்தான். ஒரு நிமிடத்துக்குள் தேதி நவம்பர் 14 ஆனது. கூகுள் திறந்தது, வலைப்பூ திறந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டு விடுதி வைஃபைக்கு மாறினாள்.

“அண்ணா, திரும்பவும் வந்துருச்சுங்ணா.”

அதே முக்கோணம், வேறு வரி

திரையின் தலைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பொடி வரி மட்டும் மாறியிருந்தது:

```
NET::ERR_CERT_AUTHORITY_INVALID
```

தேதியைப் பற்றிய புகார் போய்விட்டது. கையெழுத்திட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது என்கிறது பிரவுசர். இது முற்றிலும் வேறு நோய்.

இதுவரை இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. வைஃபையில் எச்சரிக்கை வந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார், அங்கும் வந்தால் கோளாறு போனில், வராவிட்டால் வைஃபையில் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. நல்ல சோதனைதான். ஆனால் இந்த போனில் இரண்டு இடத்திலும் முக்கோணம் வந்தது. அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் வைஃபைமீது சந்தேகமே வந்திருக்காது. இரண்டு தவறும் சேர்ந்திருக்கும்போது பிரவுசர் எதை முதலில் காட்டும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதை நம்பியும் பயனில்லை. அதனால் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே நெட்வொர்க்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேதியைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து வருவது மிக எளிது.

பொடி வரியைத் தட்டி விரித்தோம். Current date இப்போது சரி. கையெழுத்திட்டவரைக் காட்டும் Issuer என்ற இடத்தில் ஒரு ஃபயர்வால் தயாரிப்பாளரின் பெயர் இருந்தது. நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் கண்காணித்துத் தடுக்கும் பெட்டிதான் ஃபயர்வால். கூகுளுக்குக் கையெழுத்திடுவது Google Trust Services. ஒரு ஃபயர்வால் பெட்டி கூகுளுக்குச் சான்று கொடுக்க எந்த உரிமையும் கிடையாது. ஒரே ஒரு தளத்தில் இப்படி இருந்தால் அந்தத் தளத்தின் அமைப்பில் கோளாறு என்றுகூடச் சொல்லலாம். அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தளங்களைத் திறந்து பார்த்தோம். கூகுள், ஒரு வங்கி, அந்தச் சமையல் வலைப்பூ. மூன்றுக்கும் கையெழுத்திட்டவர் ஒருவரே. இதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை, நடுவில் ஒரு பெட்டி இணைப்பைப் பிரித்துப் படிக்கிறது.

என் லேப்டாப்பை அதே வைஃபையில் இணைத்து இந்தக் கட்டளையை ஓட்டினேன்:

```
openssl s_client -connect letsencrypt.org:443 \
  -servername letsencrypt.org </dev/null 2>/dev/null \
  | openssl x509 -noout -issuer -dates
```

வைஃபையில் issuer வரியில் அதே ஃபயர்வால் பெயர். ஹாட்ஸ்பாட்டில் O=Let's Encrypt. தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. பெட்டி அசல் சான்றிதழின் பெயரையும் தேதிகளையும் படியெடுத்து, கையெழுத்தை மட்டும் தன்னுடையதாக மாற்றிக் கொடுக்கிறது.

நடப்பது இதுதான். போன் கூகுளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு ஃபயர்வாலோடு பேசுகிறது. ஃபயர்வால் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, தான் தனியாகக் கூகுளோடு ஒரு இணைப்பு போட்டு அனுப்புகிறது. கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு புது உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கும் தபால்காரர் மாதிரி. உறையின் மேல் இருக்கும் முத்திரை தபால் துறையுடையது அல்ல என்று பிரவுசர் கண்டுபிடித்துவிட்டது, அதைத்தான் எச்சரிக்கையாகச் சொல்கிறது. கூகுளுக்கு Proceed வரி வராததற்கும் காரணம் உண்டு. என்னை எப்போதும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று சில தளங்கள் பிரவுசரிடம் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கின்றன, HSTS என்று பெயர். அப்படிப் பதிந்த தளத்துக்குத் தாண்டிப்போகும் வழியைப் பிரவுசர் தருவதே இல்லை. கல்லூரியின் கட்டணப் பக்கம் அப்படிப் பதியவில்லை, அதனால் அங்கே கதவு திறந்து கிடந்தது.

மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

விடுதியில் அத்தனை பேர் அதே வைஃபையில் இருக்க, இவள் ஒருத்தியின் போன் மட்டும் ஏன் கத்தியது? வார்டனிடம் கேட்டதும் விடுதியின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினார். சில வாரம் முன்பு ஒப்பந்தக்காரர் புது ஃபயர்வால் வைத்திருக்கிறார். அன்றே குழுவில் .crt என்று முடியும் ஒரு கோப்பும், அதை Settings-க்குள் போய் CA certificate-ஆக நிறுவும் வழியைக் காட்டும் படங்களும் வந்திருந்தன. ‘வைஃபை வேணும்னா இதைப் போடுங்க’ என்று ஒரு வரி. பெரும்பாலோர் போட்டிருந்தார்கள். போடாத சிலர் Proceed தட்டிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குப் பழைய போன் வந்தது அதற்குப் பிறகு.

அந்தக் கோப்பை நிறுவும்போது ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகள் Your data won't be private என்று முழுத்திரையில் எச்சரிக்கின்றன, கீழே Install anyway என்ற பொத்தான். ஒப்பந்தக்காரர் அனுப்பிய படத்தில் அந்தப் பொத்தானைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. நிறுவியவுடன் அந்தப் பெட்டியின் கையெழுத்தைப் பிரவுசர் நம்பத் தொடங்கும், முக்கோணம் மறைந்துவிடும், ஆனால் இடையில் படிப்பது நிற்காது. எச்சரிக்கை வந்த போனுக்குத்தான் ஆபத்து என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அமைதியாக இருந்த போன்களில்தான் பிரவுசரில் தட்டிய எல்லாமே அந்தப் பெட்டிக்குத் திறந்து கிடந்தது.

இதே வேலையை ஒரு நாடே செய்யப் பார்த்தது. 2019 ஜூலையில் கஜகஸ்தானில் இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களிடம் அரசின் சான்றிதழ் ஒன்றை நிறுவச் சொன்னன. அடுத்த மாதமே குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும், பயனர் தாமே நிறுவியிருந்தாலும் அந்தச் சான்றிதழை ஏற்க மாட்டோம் என்று தடுத்துவிட்டன. ஒரு விடுதியின் பெட்டிக்காக அப்படி யாரும் வர மாட்டார்கள், அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுவாக்கில் மாணவிகள் சொன்ன இன்னொரு குறையும் இதோடு பொருந்தியது. வைஃபையில் பிரவுசர் வேகமாக வருகிறது, ஆனால் பல ஆப்கள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன, டேட்டா போட்டால் உடனே வருகின்றன. வைஃபை மெதுவாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இலிருந்து, பயனர் தாமே நிறுவிய சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் நம்பும். அதனால் பிரித்துப் படிக்கும் நெட்வொர்க்கில் பிரவுசர் ஓடும், ஆப்கள் இணைக்க மறுத்துவிடும். வேகக் குறைவு என்றால் இரண்டுமே மெதுவாகியிருக்க வேண்டும். முக்கோணம் வராத போனில்கூட இப்படி ஓர் அறிகுறி கிடைக்கும்.

கடிகாரம் தானாகச் சரியாகாததற்கும் அதே பெட்டிதான் காரணம். சிம் இல்லாத போன் இணையத்தில் உள்ள நேரச் சேவையகத்திடம் UDP 123 என்ற போர்ட் வழியாக நேரம் கேட்கும். ஃபயர்வாலில் வலைப்பக்கங்களுக்கான போர்ட்களையும் வேறு சிலவற்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். 123-உம் அதில் போய்விட்டது. தோழி சொன்ன ஆலோசனை சரியானதுதான், அந்த வைஃபையில் அது பலிக்க வழியில்லை. சிம் போட்ட போன்களுக்கு மொபைல் நெட்வொர்க்கே நேரத்தைக் கொடுத்துவிடுவதால் யாருக்கும் இது தெரியவில்லை.

சரிசெய்தது

ஒப்பந்தக்காரர் மறுநாள் காலை வந்தார். மோசமான எண்ணம் எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சூதாட்ட, ஆபாசத் தளங்களைத் தடுக்க வேண்டும் என்று விடுதி உரிமையாளர் கேட்டிருக்கிறார். ஃபயர்வாலில் முழு ஆய்வு என்ற தேர்வு இருந்தது, அதைப் போட்டுவிட்டார். அலுவலகம் ஒன்று தன் சொந்த லேப்டாப்பில் தன் சான்றிதழை நிறுவி, ஊழியரிடம் சொல்லிவிட்டு ஆய்வு செய்வது வேறு. மாணவிகள் தங்கள் சொந்த போனில் வங்கி, மருத்துவர், வீடு என எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அதைப் பிரித்துப் படிக்க, தளங்களைத் தடுக்க வேண்டும் என்ற காரணம் போதாது. உரிமையாளரிடம் இதை எடுத்துச் சொன்னதும், “தடுக்கத்தான் சொன்னேங்க, படிக்கச் சொல்லலையே” என்றார்.

தடுப்பதற்குப் படிக்கத் தேவையில்லை. இணைப்பின் தொடக்கத்தில் போன் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறது என்பது பெரும்பாலும் வெளிப்படையாகவே போகும். அந்தப் பெயரை மட்டும் பார்த்து மறுக்கும் தேர்வு அதே ஃபயர்வாலில் இருந்தது. அதற்கு மாற்றினார். ஒரு தளத்துக்குள் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க இதனால் முடியாது, பெயரையே மறைக்கும் புது முறையைப் பயன்படுத்தும் தளங்கள் சில தப்பியும் விடும். உரிமையாளர் அதை ஏற்றுக்கொண்டார். UDP 123-ஐயும் திறந்துவிட்டார்கள். மாணவியின் போனில் வைஃபையில் மறுபடி பார்த்தோம். கூகுளுக்கு Google Trust Services, வலைப்பூவுக்கு Let's Encrypt. வேண்டுமென்றே தேதியை அக்டோபருக்குத் தள்ளிவிட்டு, தானியங்கியைப் போட்டுப் பார்த்தோம். தானாக நவம்பருக்கு வந்தது.

நிறுவிய போன்களிலிருந்து சான்றிதழை நீக்குவதுதான் நேரம் பிடித்தது. ஃபயர்வாலை மாற்றியதோடு அது போய்விடாது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவியை வைத்திருப்பவர் வேறு எந்த வைஃபையிலும் அதே போனை ஓசையில்லாமல் ஏமாற்ற முடியும். Settings-இல் Security போய், Encryption & credentials, அதற்குள் Trusted credentials. அங்கே System, User என்று இரண்டு தாவல். User தாவல் காலியாக இருக்க வேண்டும். இருப்பதைத் தட்டி, கீழே இறங்கி நீக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பாதை மாறும், Settings-இன் தேடலில் credentials என்று தட்டினால் எல்லாவற்றிலும் கிடைத்தது. அலுவலகம் கொடுத்த போனாக இருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு நீக்குவது நல்லது. இரண்டு பேர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், அவர்களுக்கு வீடியோ அழைப்பில் காட்டினோம்.

கடவுச்சொல் விஷயத்தில் நான் இப்படிச் சொன்னேன். சான்றிதழ் நிறுவியவர்கள், புது ஃபயர்வால் வந்ததிலிருந்து அந்த வைஃபையில் பிரவுசர் வழியாக நுழைந்த கணக்குகள் எல்லாவற்றுக்கும் மொபைல் டேட்டாவில் இருந்தபடி மாற்றுங்கள். நிறுவாமல் Proceed தட்டியவர்கள், அப்படித் தட்டி நுழைந்த தளத்துக்கு மட்டும் மாற்றினால் போதும். நிறுவாத போனில், இணைக்க மறுத்து நின்ற ஆப்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அவை கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை. பெட்டியில் தளப் பெயர்களின் பதிவு மட்டுமே இருந்ததாக ஒப்பந்தக்காரர் திறந்து காட்டினார், நானும் பார்த்தேன். ஆனால் பதிவில் இல்லை என்பதால் கடந்துபோகவில்லை என்று ஆகாது. நம் மாணவி கல்லூரிக் கட்டணப் பக்கத்தின் கடவுச்சொல்லை அங்கேயே மாற்றினாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது சமையல்கார அக்கா தன் போனை நீட்டினார். ஆண்ட்ராய்டு 6. தேதி சரி, User தாவல் காலி, வைஃபையிலும் அவருடைய சிம்மிலும் ஒரே மாதிரி சில தளங்கள் மட்டும் AUTHORITY_INVALID. விரித்துப் பார்த்தால் கையெழுத்து Let's Encrypt, அசலானதுதான். இது மூன்றாவது காரணம். அந்த நிறுவனத்தின் ISRG Root X1 என்ற மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் நம்பும் நிறுவனங்களின் பட்டியலிலேயே இல்லை. பழைய போன்களுக்காகப் போட்டுவைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. தேதியை மாற்றியும் பயனில்லை, வைஃபையை மாற்றியும் பயனில்லை. நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியலைத் தானே சுமந்து வரும் பயர்பாக்ஸின் பழைய பதிப்பு ஒன்றில் அந்தத் தளங்கள் திறந்தன. பேருந்து நேரமும் சமையல் குறிப்பும் பார்க்க அது போதும், பணம் அனுப்புவதை மட்டும் அந்த போனில் வேண்டாம் என்று சொன்னேன். பொங்கலுக்கு மகன் புது போன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம், அதுவரை மின்கட்டணத்தை மகளின் போனில் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.